வெண்பலகைப் படத்தில் பாய்ச்சற்கோடு: எது செவ்வகம், எது இணைகரம், அம்பு எங்கே போகிறது?

கொக்குவிலாள், மார்ச் 4, இரவு 9.15

தம்பி இந்த முறை சாதாரண தரம் எடுக்கிறான். ரியூசனில் சேர் வெண்பலகையில் கீறிய பாய்ச்சற்கோட்டுப் படத்தைக் கொப்பியில் இறக்க நேரம் கிடைக்கவில்லையாம், போனில் எடுத்து வந்திருக்கிறான். முன்வாங்கில் இருந்து அண்ணாந்து எடுத்தது. பலகையின் நடுவில் மேற்பக்கம் ரியூப் லைற் வெளிச்சம் விழுந்து ஒரு துண்டு வெள்ளையாகப் போயிருக்கிறது. படத்தை இங்கே போட முடியாது, மற்றப் பிள்ளைகளும் தெரிகிறார்கள். பெட்டிகளுக்குள் உள்ள எழுத்து மட்டும் இது:

```
1  தொடக்கம்
2  தொகை = 0, எண்ணிக்கை = 0
3  புள்ளி
4  புள்ளி = -1 ?
5  தொகை = தொகை + புள்ளி
   எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
6  சராசரி = தொகை / எண்ணிக்கை
7  சராசரி
8  முடிவு
```

1 முதல் 5 வரை நடுவில் மேலிருந்து கீழே. 4இல் இருந்து இடப்பக்கம் ஒரு கோடு போய் 6, 7, 8 இறங்குகின்றன. 5இன் கீழே ஒரு சின்ன வட்டம், உள்ளே A. வலப்பக்கம் மேலே இன்னொரு சின்ன வட்டம், அதிலும் A. அதிலிருந்து ஒரு கோடு இடப்பக்கம் போய் அந்த வெள்ளைத் துண்டுக்குள் மறைகிறது.

6, 7 இரண்டும் சாய்ந்துதான் தெரிகின்றன. இரண்டும் இணைகரமா? அந்த A என்ன? வெள்ளைக்குள் போன கோடு எங்கே முட்டுகிறது?

கோட்காரன், மார்ச் 4, இரவு 9.32

சுலபம். நீள்வட்டம் தொடக்கமும் முடிவும். செவ்வகம் கணக்கு. இணைகரம் உள்ளீடு. சாய்சதுரம் கேள்வி, அதிலிருந்து எப்போதும் இரண்டு கோடு. சின்ன வட்டம் அடுத்த பக்கத்தில் தொடரும் என்பதற்கு. சாய்ந்திருந்தால் இணைகரம்தான், ஆகவே 6, 7 இரண்டும் இணைகரம்.

கொக்குவிலாள், மார்ச் 4, இரவு 9.40

இணைகரம் உள்ளீடு என்றால் 6இல் எதை உள்ளிடுகிறோம்? வகுத்தல் அல்லவா நடக்கிறது. அதோடு இருப்பது ஒரே பலகை, அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை.

சுன்னாகம் ஸ்ரூடியோ, மார்ச் 4, இரவு 10.05

வெளிச்சம் பட்ட படத்தைத் துப்புரவாக்குவதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? போனில் ஆவணம் ஸ்கான் பண்ணும் வசதி இருக்கும். பலகையின் நான்கு மூலையிலும் புள்ளியை இழுத்து வைத்தால் சரிவு நேராகிவிடும். பிறகு கறுப்பு வெள்ளை ஆக்குங்கள், எழுத்து பளிச்சென்று வரும்.

கொக்குவிலாள், மார்ச் 4, இரவு 10.28

நான் கேட்டது அதை இல்லை, ஆனாலும் செய்து பார்த்தேன். எழுத்து பளிச்சென்றுதான் வந்தது. ஆனால் அம்புத் தலைகளில் பாதியைக் காணவில்லை! சேர் பெட்டிகளைக் கறுப்பாலும் அம்புகளைச் சிவப்பாலும் கீறியிருக்கிறார். சிவப்பு ஏற்கெனவே மெல்லியது, கறுப்பு வெள்ளை ஆக்கியதும் பல இடத்தில் பலகையோடு கலந்துவிட்டது. 6க்கும் 7க்கும் இடையில் வெறும் கோடுதான் மிச்சம்.

சுன்னாகம் ஸ்ரூடியோ, மார்ச் 4, இரவு 10.41

அப்படியானால் அந்த வடிகட்டி வேண்டாம், நிறத்தோடு வைத்திருங்கள். தம்பி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது சுருங்கிய பிரதி. போனில் உள்ள மூலப் படத்தைப் 'படம்' என்று அனுப்பாமல் 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தபடியே வரும். சின்ன அம்புத் தலைகளை அதில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெளிச்சம் விழுந்து முழுக்க வெள்ளையான இடத்தை மட்டும் ஒருவராலும் மீட்க முடியாது. அங்கே கமராவுக்கு எதுவும் பதியவே இல்லை.

ஓய்வுபெற்றவன், மார்ச் 5, காலை 6.10

கோட்காரன் தம்பி சொன்னதில் பாதி சரி. மிச்சத்தைப் பிரித்துச் சொல்கிறேன்.

இணைகரம் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் பொது. வாசித்தாலும் இணைகரம், திரையில் காட்டினாலும் இணைகரம். ஆகவே 3 உள்ளீடு, 7 வெளியீடு, இரண்டும் ஒரே உருவம். 6இல் நடப்பது கணக்கு, அது செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும். சாய்ந்து தெரிவதற்கு வேறு காரணம் இருக்கும், அதை ஸ்ரூடியோக்காரர் சொல்லட்டும்.

சின்ன வட்டம் இணைப்பி. நீளமான கோட்டை இழுத்து மற்றக் கோடுகளை வெட்டாமல், இங்கே அறுத்து அங்கே தொடர்கிறேன் என்று சொல்வது. ஒரே பக்கத்துக்குள்ளும் போடலாம். ஒரே எழுத்து உள்ள வட்டங்கள் ஒரே புள்ளி. கோடு உள்ளே மட்டும் வருகிற A, போகும் வாசல். கோடு வெளியே மட்டும் போகிற A, வந்து சேரும் வாசல். போகும் வாசல் எத்தனையும் இருக்கலாம், சேரும் வாசல் ஒன்றுதான் இருக்க முடியும். இல்லாவிட்டால் எங்கே போவது என்று தெரியாது.

அடுத்த பக்கத்துக்கு என்று தனி உருவம் ஒன்று உண்டு, கீழே கூர் வைத்த ஐங்கோணம். நான் 70களின் கடைசியில் கொழும்பில் தரவுப் பதனிடல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது மேசையில் ஐ.பி.எம். பிளாஸ்டிக் அச்சுத் தகடு ஒன்று கிடந்தது. அதில் அந்த ஐங்கோணம் வெட்டியிருந்தது. பின்னால் 1985இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5807 வட்டம் ஒன்றோடு நின்றுவிட்டது. புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கோட்காரன், மார்ச் 5, காலை 7.20

ஐயா, சாய்சதுரத்தில் இரண்டு கோடு என்றதாவது சரிதானே?

ஓய்வுபெற்றவன், மார்ச் 5, காலை 7.45

உங்கள் சாதாரண தரத்துக்குச் சரி. எங்கள் காலத்தில் ஃபோட்ரானில் ஒரே வரியில் மூன்று பக்கம் பிரியலாம்: விடை எதிர் என்றால் ஒரு பக்கம், பூச்சியம் என்றால் இன்னொன்று, நேர் என்றால் வேறொன்று. அதைக் கீறும்போது சாய்சதுரத்தின் மூன்று மூலையிலும் கோடு வெளியேறும், நாலாவது மூலையால் உள்ளே வரும். ஆகவே எண்ணிக்கை இரண்டு என்று பாடமாக்காமல், ஒன்றுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு கோட்டிலும் அதன் விடை எழுதியிருக்க வேண்டும். எழுதாத சாய்சதுரம் குறைப்படம்.

சுன்னாகம் ஸ்ரூடியோ, மார்ச் 5, முற்பகல் 11.30

கேள்வி இப்போதுதான் எனக்கு விளங்கியது. இது எங்கள் தொழிலில் தினம் வருகிற சங்கதி.

போனை அண்ணாத்திப் பிடித்தால் பலகையின் மேற்பக்கம் தூரம், அதனால் சிறுக்கும். நிலைக்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே போகப் போக நடுவை நோக்கிச் சரியும். படத்தின் நடுவில் உள்ள பெட்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும். இடப்பக்கம் உள்ள பெட்டியின் இரண்டு பக்கமும் வலப்புறம் சாயும். வலப்பக்கம் உள்ள பெட்டி இடப்புறம் சாயும். நீங்கள் இணைகரத்தை எந்தப் பக்கம் சரித்துக் கீறுவீர்கள்? மேற்பக்கம் வலப்புறம் தள்ளி. அப்படியென்றால் பலகையின் இடப்பக்கத்தில் இருக்கிற நல்ல செவ்வகம்கூட அண்ணாந்து எடுத்த படத்தில் இணைகரம் மாதிரி நிற்கும். வலப்பக்கத்தில் இருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது, சாய்வு மறுபக்கமாக இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. பெட்டியைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதே உயரக்கோட்டில், அதாவது நடுவில் இருந்து அதே தூரத்தில் உள்ள மற்றப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். கமரா செய்த சாய்வு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பலகைச் சட்டம் தெரிந்தால் இன்னும் நல்லது, அதன் ஓரத்தோடு ஒப்பிடலாம்.

கொக்குவிலாள், மார்ச் 5, இரவு 8.50

சட்டம் மேற்பக்கம் மட்டும் தெரிகிறது, இடப்பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் 6உம் 7உம் ஒன்றின் கீழ் ஒன்று. அடிமட்டத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். 6இன் பக்கங்கள் கொஞ்சம் சாய்வு. 7இன் பக்கங்கள் அதைவிட நல்ல சாய்வு, கண்ணுக்கே தெரிகிறது. கமரா செய்ததென்றால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆகவே 6 செவ்வகம், 7 இணைகரம். நடுவில் உள்ள 2, 5 நேராக நிற்கின்றன. அதே நடுவில் உள்ள 3 சாய்ந்து நிற்கிறது, கமரா அங்கே எதையும் சாய்த்திருக்காது, ஆகவே அது இணைகரமேதான்.

ஐயா எழுத்தை வைத்துச் சொன்னார், ஸ்ரூடியோ அண்ணை சரிவை வைத்துச் சொன்னார், இரண்டும் ஒரே விடைக்கு வந்து நிற்கின்றன. தம்பிக்கு இரண்டாவதுதான் பிடித்துப் போனது. வீட்டில் உள்ள யன்னல், கதவு எல்லாவற்றையும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டு திரிகிறான்.

குருநகர் கரை, மார்ச் 5, இரவு 9.35

இடையில் வருகிறேன். நான் நண்டு பதனிடும் இடமொன்றில் தர மேற்பார்வை. எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் வட்டம் என்றால் வேலை. நிறுத்தல், அவித்தல், ஓடு கழற்றல் எல்லாம் வட்டம். சதுரம் என்றால் சோதனை. தடித்த அம்பு என்றால் ஒரு இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது. D மாதிரி ஒன்று, அது காத்திருப்பு. தலைகீழ் முக்கோணம் குளிர் அறையில் வைப்பது. நீங்கள் சொல்கிற வட்டமும் செவ்வகமும் இதற்கு நேர் மாறாக இருக்கின்றனவே? எங்கள் படம் பிழையா?

ஓய்வுபெற்றவன், மார்ச் 6, காலை 6.30

பிழை இல்லை. அது வேறு குடும்பம். ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்த செயன்முறைப் படத்தில் இருந்து வந்தது. அதே சங்கம் 1947இல் ஐந்து குறிகளோடு அதை ஒழுங்கு செய்தது. உங்கள் சுவரில் இருப்பவை அந்த ஐந்தும்தான். அங்கே பொருள் நகர்கிறது, அதனால் தூக்கிப்போவதற்கும் காத்திருப்பதற்கும் குறி வேண்டும். எங்கள் படத்தில் நகர்வது கட்டளை, நண்டு இல்லை. எங்களுக்குக் காத்திருப்பு தேவைப்படவில்லை, கேள்வி தேவைப்பட்டது. அதனால் சாய்சதுரம்.

அதே 1947இல் கோல்ட்ஸ்டைனும் ஃபொன் நொய்மனும் கணினிக்கான கட்டளைகளைத் திட்டமிடப் பாய்ச்சற்கோடு போட்டு எழுதினார்கள். இரண்டு மரபும் ஒரே பெயரில் சுற்றுகின்றன, அதுதான் குழப்பம். படமொன்று கையில் வந்தால் முதலில் சாய்சதுரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் எங்கள் பக்கம். சாய்சதுரமே இல்லாமல் D, தலைகீழ் முக்கோணம், தடித்த அம்பு இருந்தால் குருநகர் பக்கம்.

கோட்காரன், மார்ச் 6, காலை 8.05

சாய்சதுரம் இருந்தால் பாய்ச்சற்கோடு என்பதும் நம்பிக்கையில்லை ஐயா. பல்கலைக்கழகத்தில் தரவுத்தளப் பாடத்தில் சாய்சதுரம் என்றால் இரண்டு விடயங்களுக்கு இடையிலான தொடர்பு, நீள்வட்டம் என்றால் அதன் பண்பு. அங்கே அம்பே இருக்காது, வெறும் கோடுதான். யூ.எம்.எல். செயற்பாட்டுப் படத்தில் சாய்சதுரம் பிரிவதற்கும் வரும், பிரிந்தவை மீண்டும் சேர்வதற்கும் வரும். சேரும் இடத்தில் உள்ளே இரண்டு கோடு, வெளியே ஒன்று, உள்ளே எழுத்து எதுவும் இல்லை.

ஓய்வுபெற்றவன், மார்ச் 6, காலை 8.20

அதை நான் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டேன். ஆனால் நல்லதைச் சொன்னீர்கள். உருவத்தை விட, உள்ளே எத்தனை கோடு, வெளியே எத்தனை கோடு என்பதை எண்ணுவது உறுதி. தொடக்கத்துக்கு வெளியே ஒன்று மட்டும். முடிவுக்கு உள்ளே மட்டும். செவ்வகத்துக்கும் இணைகரத்துக்கும் வெளியே ஒன்றே ஒன்று. இரண்டு கோடு வெளியேறும் பெட்டியைச் செவ்வகமாகப் பார்த்தீர்கள் என்றால், படம் மங்கலாகி மூலை போன சாய்சதுரத்தைப் பார்க்கிறீர்கள், அல்லது இரண்டு கோட்டில் ஒன்று உள்ளே வருகிறது.

கொக்குவிலாள், மார்ச் 6, இரவு 9.05

எண்ணிப் பார்த்தேன். எல்லாம் பொருந்துகிறது, 5ஐத் தவிர. அதன் இடது வலது ஓரங்களில் இரட்டைக் கோடு தெரிகிறது. அதற்கும் ஓர் அர்த்தம் இருக்குமே?

கோட்காரன், மார்ச் 6, இரவு 9.12

ஓரங்களில் இரட்டைக் கோடு என்றால் வேறோர் இடத்தில் எழுதிவைத்த துணை நிரலைக் கூப்பிடுவது. உள்ளே அந்தத் துணை நிரலின் பெயர் இருக்கும். இங்கே இரண்டு கூட்டல் வரிகள் அல்லவா இருக்கின்றன, அப்படி வராது.

கொக்குவிலாள், மார்ச் 6, இரவு 9.30

மூலப் படத்தை ஆவணமாக எடுத்துப் பெரிதாக்கினேன். உள்கோடு சாம்பல் நிறம், வெளிக்கோடு கறுப்பு. அந்தச் சாம்பல் கோடு பெட்டியைத் தாண்டிக் கீழேயும் போகிறது. முந்திய வகுப்பில் கீறியதைச் சரியாக அழிக்காத தடயம். சேரின் டஸ்டர் செய்த வேலை.

6க்கும் 7க்கும் இடையில் அம்புத் தலை மூலப் படத்தில் இருக்கிறது. 4இல் இருந்து இடப்பக்கம் போகும் கோட்டில் 'ஆம்' என்பதும் தெளிவு. கீழே போகும் கோட்டில் எழுதியதுதான் படவில்லை, பையனொருவனின் தலை மறைக்கிறது. இரண்டு வாசலில் ஒன்று ஆம் என்றால் மற்றது இல்லை, அதில் பிரச்சினை இல்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. வலது மேல் A இல் இருந்து வரும் கோடு வெள்ளைக்குள் போய் எங்கே சேருகிறது? 1க்கும் 2க்கும் நடுவிலா, 2க்கும் 3க்கும் நடுவிலா? அந்த வெள்ளைத் துண்டு இரண்டு இடத்தையும் மூடியிருக்கிறது.

குருநகர் கரை, மார்ச் 6, இரவு 9.44

எதில் சேர்ந்தால் என்ன, இரண்டும் அடுத்தடுத்த இடம்தானே.

ஓய்வுபெற்றவன், மார்ச் 7, காலை 6.15

அடுத்தடுத்த இடம்தான், விடை தலைகீழாகும். 40, 60, பிறகு -1 என்று மூன்று எண்ணைக் கொடுத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பாதையிலும் ஓட்ட வேண்டும்.

கொக்குவிலாள், மார்ச் 7, இரவு 8.20

தம்பியை இருத்தி ஓட்டவைத்தேன்.

முதலில் கோடு 2க்குக் கீழே சேர்கிறது என்று வைத்தோம். தொகை 0, எண்ணிக்கை 0. 40ஐ வாசிக்கிறது, -1 இல்லை, தொகை 40, எண்ணிக்கை 1. A வழியாக மேலே போய் நேரே 3க்கு வருகிறது. 60ஐ வாசிக்கிறது, தொகை 100, எண்ணிக்கை 2. மறுபடி 3. -1ஐ வாசிக்கிறது, ஆம் பக்கம் போகிறது. 100ஐ 2ஆல் வகுத்து 50. சரி.

அடுத்ததாக 2க்கு மேலே சேர்கிறது என்று வைத்தோம். 40 வாசித்துத் தொகை 40, எண்ணிக்கை 1 வரை அதே கதை. A வழியாக மேலே போனதும் 2க்குள் நுழைகிறது. இரண்டும் மீண்டும் பூச்சியம்! 60 வாசித்துத் தொகை 60, எண்ணிக்கை 1. மேலே போய் மீண்டும் பூச்சியம். -1 வாசிக்கும்போது தொகை 0, எண்ணிக்கை 0. 6இல் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கிறது. அங்கேயே நிற்கும்.

ஆகவே கோடு 2க்கும் 3க்கும் நடுவில்தான் சேர வேண்டும்.

கோட்காரன், மார்ச் 7, இரவு 8.31

முடிந்தது. கேஸ் குளோஸ்.

ஓய்வுபெற்றவன், மார்ச் 8, காலை 6.25

முடியவில்லை. சேர *வேண்டிய* இடத்தைத்தான் கண்டீர்கள். சேர்ந்திருக்கிற இடத்தைக் காணவில்லை. கீறியவர் சரியாகக் கீறினார் என்று எடுத்துக்கொண்டுதான் இந்த விடை வருகிறது. நல்ல ஊகம், ஆனால் ஊகம். கொப்பியில் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு, பக்கத்தில் 'படத்தில் தெரியவில்லை' என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதே வகுப்பில் வேறு பக்கம் இருந்து எடுத்த பிள்ளை யாராவது இருக்குமே.

கொக்குவிலாள், மார்ச் 9, மாலை 5.40

இருந்தது. கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எடுத்த படம். எழுத்துச் சின்னன், ஆனால் வெளிச்சம் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது, அம்பு தெளிவாகத் தெரிகிறது.

1க்கும் 2க்கும் நடுவில் முட்டுகிறது.

கோட்காரன், மார்ச் 9, மாலை 5.52

என்னது!

சுன்னாகம் ஸ்ரூடியோ, மார்ச் 9, மாலை 6.15

நான் அன்றைக்கே சொன்னேன், வெள்ளையான இடத்தை மீட்க முடியாதென்று. 😀

கோட்காரன், மார்ச் 9, மாலை 6.20

சேர் அவசரத்தில் பிழையாகக் கீறியிருப்பார். சரியானதையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள் அக்கா.

குருநகர் கரை, மார்ச் 9, இரவு 7.05

வேண்டாம். எங்கள் இடத்தில் ஒரு படத்தை நகல் எடுத்தவர் தனக்குச் சரியென்று பட்ட மாதிரி ஓர் அம்பைத் திருப்பிப் போட்டார். சோதனையில் தவறியது மீண்டும் அவிக்கும் இடத்துக்குப் போவதாக அது காட்டியது. உண்மையில் அது வெளியே தள்ளப்பட வேண்டியது. சுவரில் உள்ளதை உள்ளபடி எடுத்து, சந்தேகத்தைத் தனியாக எழுதியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

கொக்குவிலாள், மார்ச் 9, இரவு 9.00

பிழைகாண் வினாவாகவும் இருக்கலாம். சா/த தாளில் படமொன்றைத் தந்து வெளியீடு என்னவென்று கேட்டால் உள்ளதை உள்ளபடி ஓட்டத்தான் வேண்டும், நாங்கள் திருத்திவிட்டு ஓட்டினால் புள்ளி போய்விடும். தம்பிக்கு அந்த வகுப்பில் சேர் வாயால் என்ன சொன்னார் என்பது நினைவில்லை. படம் எடுப்பதில்தான் கவனம் இருந்ததாம்.

இப்போதைக்கு இரண்டையும் எழுதிவைத்திருக்கிறான். பலகையில் உள்ளது கறுப்பால், திருத்தியது பென்சிலால்.

ஓய்வுபெற்றவன், மார்ச் 10, காலை 6.20

நல்லது. இன்னொன்றையும் பென்சிலால் போடச் சொல்லுங்கள். திருத்திய படத்திலும் முதல் எண்ணே -1 என்று கொடுத்தால் என்ன நடக்கும்?

கொக்குவிலாள், மார்ச் 10, இரவு 8.45

எண்ணிக்கை 0. அதே பூச்சிய வகுத்தல்.

4இன் ஆம் கோட்டுக்கும் 6க்கும் நடுவில் ஒரு சாய்சதுரம் போட்டான்: 'எண்ணிக்கை = 0 ?' இல்லை என்றால் 6க்கு. ஆம் என்றால் ஓர் இணைகரம், 'புள்ளிகள் இல்லை' என்று காட்டுவது, அதிலிருந்து 8க்கு. இப்போது 8க்குள் இரண்டு கோடு வருகிறது. முடிவுக்குள் இரண்டு கோடு வரலாமா, இல்லை சின்ன வட்டம் போட்டுச் சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்றவன், மார்ச் 11, காலை 6.05

வரலாம். வட்டம் தேவையில்லை. புதிய கோட்டை 7க்கும் 8க்கும் இடையிலுள்ள கோட்டில் கொண்டுபோய் முட்டி, முட்டும் இடத்தில் அம்புத் தலை போட்டால் போதும். முட்டி நிற்க வேண்டும், வெட்டிக்கொண்டு மறுபக்கம் போகக் கூடாது. வெட்டிப் போகும் இரண்டு கோடுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றுதான் அர்த்தம். அதோடு, மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் போகும் கோட்டுக்கு அம்புத் தலை இல்லாவிட்டாலும் பழுதில்லை. கீழிருந்து மேலோ வலமிருந்து இடமோ போனால் கட்டாயம் போட வேண்டும். 4இன் ஆம் கோடு இடப்பக்கம் போகிறது, அதில் தலை இருக்கிறதா என்று பாருங்கள்.

கொக்குவிலாள், மார்ச் 11, இரவு 9.10

இருக்கிறது, ஆனால் சிவப்பு மங்கி. வலது A இல் இருந்து வரும் கோட்டிலும் இருக்கிறது, பின்வாங்குப் படத்தில்தான் தெரிந்தது. சேரிடம் கேட்பதற்குத் தம்பி வெட்கப்படுகிறான். அடுத்த வகுப்பு சனிக்கிழமை, அதுவரை அது பிழையா வினாவா என்பது தெரியாது.

குருநகர் கரை, மார்ச் 11, இரவு 9.25

ஐயா, எங்கள் சுவர்ப் படத்தில் ஒரு முக்கோணம் நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் இருக்கிறது. தலைகீழானது குளிர் அறை. நேரானது நண்டு வந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது. முந்தியவர் வேண்டுமென்றே போட்டாரா, நகல் எடுத்தவரின் கைவேலையா?

ஓய்வுபெற்றவன், மார்ச் 12, காலை 6.10

நான் சொன்ன அந்த ஐந்தில் தலைகீழ் முக்கோணம் மட்டும்தான். சில இடங்களில் வந்திறங்கும் மூலப்பொருளுக்கு ஒன்று, முடிந்த பொருளுக்கு மற்றது என்று தாங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். படத்தின் ஓரத்தில் குறி விளக்கம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழைய பிரதியைத் தேடுங்கள், அதுவரை கை வைக்காதீர்கள்.